தாளிக்கும் வாசனைக்கு இரைப்பை ஏன் முந்திக்கொள்கிறது?

அடுப்படியிலிருந்து தாளிக்கும் வாசனை வந்ததும் வாயில் எச்சில் ஊறுவதையும், வயிறு இலேசாக இரைவதையும் எல்லோரும் அறிவோம். ஆனால் அந்த நேரத்தில் நாக்கில் ஒரு பருக்கைகூடப் பட்டிருக்காது. உணவு வந்து சேராத இடத்தில் உணவைச் செரிக்கும் நீர் ஏன் சுரக்கிறது, அதற்கான ஆணையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு, "ஆசைதான் காரணம்" என்ற பதில் போதாது. ஆசை ஓர் உணர்வு. சுரப்பு உடலில் நடக்கும் வேலை. முன்னது பின்னதை எந்த வழியாக உண்டாக்குகிறது என்பதே இங்கு விளக்கப்பட வேண்டியது.

இதற்கு அன்றாடப் பயனும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஏன் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே விழுங்கச் சொல்கிறார்கள், விரத நாளில் சமைப்பவருக்கு நெஞ்செரிச்சல் வருமா, வயிற்றில் அறுவை நடந்தவரை ஏன் சூயிங்கம் மெல்லச் சொல்கிறார்கள் என்பவை வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும், மூன்றுக்கும் விடை ஒரே நரம்பில் இருக்கிறது.

## வாசனை மூளையை எட்டும் விதம்

காய்ந்த எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவை விழும்போது, அவற்றில் அடங்கியிருந்த எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் சூட்டினால் காற்றில் கலக்கின்றன. வெங்காயம் வதங்கிச் சிவக்கும்போது நிலைமை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடிய வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பச்சை வெங்காயத்தில் இல்லாத பல புதிய மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. தோசை முறுகுவதும், காப்பிக்கொட்டை வறுபடுவதும், இறைச்சி பொரிவதும் இதே வகை வினையால் மணம் பெறுபவை. வேகவைத்த உணவைவிட வறுத்த உணவு நெடுந்தூரம் மணப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றில் மிதந்துவரும் இந்த மூலக்கூறுகள் மூக்கின் மேற்பகுதியில் உள்ள சவ்வில் படிகின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகையான மணமுகர் ஏற்பிகள் உள்ளன. ஒரு சேர்மம் ஒரே நேரத்தில் பல வகை ஏற்பிகளைத் தூண்டுவதால், எந்தெந்த ஏற்பிகள் தூண்டப்பட்டன என்ற சேர்க்கையே "இது சாம்பார்", "இது கருவாடு" என்று மூளை அடையாளம் காணும் குறிப்பாகிறது. மிளகாய் கருகும்போது வரும் இருமலும் கண்ணீரும் இந்த வழியில் வருபவை அல்ல. அவை எரிச்சலை உணரும் வேறொரு நரம்பின் வேலை, பசியோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

மணத்தின் செய்தி மூளையில் உணர்ச்சி, நினைவு, பசி ஆகியவற்றைக் கையாளும் பகுதிகளை மிக விரைவாகச் சென்றடைகிறது. கண்ணில் பட்ட உணவின் செய்தியும், காதில் விழும் "சொய்ங்" என்ற தாளிப்பின் ஓசையும் தத்தம் வழிகளில் அதே பகுதிகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து கீழ்நோக்கி ஆணை இறங்குகிறது. இப்படி, உணவு இரைப்பையை அடையும் முன்பே, தலையில் உள்ள புலன்களும் மூளையும் தொடங்கிவைக்கும் செரிமானப் பகுதியை உடலியங்கியலில் "தலைக்கட்டம்" என்று குறிக்கலாம். உணவு இரைப்பையில் இருக்கும்போது நடப்பது இரைப்பைக் கட்டம், குடலை எட்டியபின் நடப்பது குடற்கட்டம். ஒரு சாப்பாட்டுக்காக இரைப்பை சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு தலைக்கட்டத்துக்கு உரியது என்று மருத்துவப் பாடநூல்கள் கணக்கிடுகின்றன.

## வாயில் ஊறுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு

நமக்கு மூன்று இணை பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன: காதுக்கு முன்பாகக் கன்னத்தில் ஓர் இணை, தாடைக்கு அடியில் ஓர் இணை, நாக்குக்கு அடியில் ஓர் இணை. எதையும் சாப்பிடாத நேரத்திலும் இவை நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் வரை சுரந்துகொண்டே இருக்கின்றன. புளிப்பான ஒன்றை வாயில் போட்டு மென்றால் இந்த அளவு பத்து மடங்குக்கும் மேல் உயரக்கூடும்.

வாயில் எதுவும் படாமல், மணத்தாலும் காட்சியாலும் மட்டும் உயரும் அளவோ மிகவும் சிறியது. மனிதர்களிடம் அளந்து பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் தெளிவான உயர்வு கிடைத்தது, வேறு சிலவற்றில் கிடைக்கவில்லை. மணத்துக்குத் தாடைக்கடிச் சுரப்பி பதில் தருகிறது, கன்னத்துச் சுரப்பியோ ஏறக்குறைய அசைவதே இல்லை. அப்படியானால் வாய் நிறைய ஊறுவதாக ஏன் உணர்கிறோம்? உணவின் மீது கவனம் திரும்பும்போது, வாயில் ஏற்கெனவே தேங்கியிருந்த உமிழ்நீரை நாம் உணரத் தொடங்குகிறோம். நாக்கும் கன்னமும் மெல்வதற்கு ஆயத்தமாவதுபோல் சற்றே அசைந்து, சுரப்பிகளில் இருந்ததைப் பிழிந்து விடுகின்றன. புதிதாகச் சுரந்தது கொஞ்சம், கவனத்துக்கு வந்தது மீதி என்று கொள்வதே இப்போதுள்ள சான்றுகளுக்குப் பொருந்தும்.

நாயின் நிலை வேறு. உணவைக் கண்டாலே அதற்கு எச்சில் தாரையாக ஒழுகும். அந்தச் சுரப்பு வாய்க்கு என்ன வரப்போகிறது என்பதற்கு ஏற்பவும் மாறுகிறது. ரஷ்ய உடலியங்கியலாளர் இவான் பாவ்லோவின் ஆய்வகத்தில், நாயின் வாயில் கூழாங்கற்களைப் போட்டபோது எச்சில் மிகக் குறைவாகவே வந்தது, ஏனெனில் கற்களை நாக்கால் உருட்டித் துப்பிவிட முடியும். மணலைப் போட்டபோது எச்சில் வெள்ளமாகச் சுரந்தது, ஏனெனில் மணலைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். ஈரமான இறைச்சியைவிட உலர்ந்த ரொட்டிக்குக் கூடுதல் எச்சில் வந்தது. இந்த வேறுபாடு, பொருளை வாயில் போடாமல் கண்ணுக்குக் காட்டியபோதும் தொடர்ந்தது. ஆகவே இது வெறும் கிளர்ச்சியின் வழிந்தோட்டம் அல்ல, வரப்போகும் வேலைக்கு அளவிட்டுச் செய்யப்படும் ஏற்பாடு.

## கழுத்தில் திறப்பு வைத்த நாய்கள்

இரைப்பையில் நடப்பதை நாம் உணர்வதில்லை. எனவே அதை வெளியே கொண்டுவந்து காட்ட ஒரு கடினமான அறுவை தேவைப்பட்டது. பாவ்லோவ் பெயரைக் கேட்டதும் மணியோசைக்கு எச்சில் ஒழுக்கிய நாய் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்காக. அதன் நடுவில் நின்றது இரைப்பைதான்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் செய்த ஏற்பாட்டில் இரண்டு அறுவைகள் இருந்தன. நாயின் உணவுக்குழாயைக் கழுத்தில் வெட்டி, அதன் முனைகளைத் தோலில் திறப்பாக வைத்துத் தைத்தார்கள். அதனால் நாய் விழுங்கியதெல்லாம் இரைப்பைக்குப் போகாமல் கழுத்து வழியாகக் கீழே விழுந்துவிடும். இரைப்பையிலிருந்து வயிற்றுத்தோலுக்கு ஒரு குழாய் பொருத்தினார்கள். அதனால் இரைப்பை சுரக்கும் நீர் அப்படியே வெளியே சொட்டும். காயங்கள் ஆறியபின், நாய்க்கு உரிய உணவைத் தனியே இரைப்பைக்குள் கொடுத்து நலமாகப் பேணினார்கள். இந்த நாய் இறைச்சியை எவ்வளவு நேரமானாலும் தின்றுகொண்டே இருக்கும், ஒரு துணுக்குகூட இரைப்பையை எட்டாது. இதைப் போலி ஊட்டல் என்று அழைக்கலாம்.

போலி ஊட்டல் தொடங்கிச் சுமார் ஐந்து நிமிடங்களில், வெறுமையாக இருந்த இரைப்பையிலிருந்து தெளிந்த, வலுவான அமிலம் கொண்ட நீர் சொட்டத் தொடங்கியது. தின்பது நின்ற பிறகும் வெகுநேரம் அது ஓயவில்லை. இறைச்சியைக் கொடுக்காமல் கண்முன் வைத்து ஆசைகாட்டினாலும் பசித்த நாய்க்கு நீர் சுரந்தது. உணவு கலக்காத இந்தத் தூய இரைப்பை நீர் அவ்வளவு தாராளமாகக் கிடைத்ததால், ஆய்வகம் அதை வடிகட்டிப் புட்டிகளில் அடைத்து, செரிமானக் குறைவுள்ள நோயாளிகளுக்கு மருந்தாக விற்றது. அந்த வருமானம் ஆய்வகச் செலவுகளுக்கும் உதவியது.

இந்தக் கண்டுபிடிப்பை உறுதிசெய்ய இரண்டு எதிர்ச்சோதனைகள் செய்யப்பட்டன. என் மதிப்பீட்டில் முழு விளக்கமும் இவற்றின் மீதுதான் நிற்கிறது.

1. நாய் கவனிக்காத நேரத்தில் ரொட்டியைக் குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள் வைத்தார்கள். இரைப்பைக்குள் உணவு இருக்கிறது, ஆனால் நாய் அதைப் பார்க்கவில்லை, முகரவில்லை, சுவைக்கவில்லை. அந்த ரொட்டி வெகுநேரம் ஏறத்தாழ அப்படியே கிடந்தது, நீர் சுரக்கவில்லை. இறைச்சியை இப்படி வைத்தபோது ஓரளவு சுரப்பு வந்தாலும், கூடவே போலி ஊட்டல் செய்யப்பட்ட நாயின் இரைப்பையில் பல மடங்கு இறைச்சி கரைந்திருந்தது.

2. மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக மார்பையும் வயிற்றையும் எட்டும் வேகஸ் நரம்புகள் இரண்டையும் துண்டித்தார்கள். அதன்பின் அந்த நாய் முன்போலவே ஆவலாக இறைச்சியைத் தின்றது. இரைப்பையில் மட்டும் ஒரு துளியும் சுரக்கவில்லை.

இரண்டாவது சோதனையின் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஆசை குறையவில்லை, சுவை குறையவில்லை, தின்னும் வேகமும் குறையவில்லை. குறைந்தது சுரப்பு ஒன்றுதான். அதாவது ஆசை தானாக இரைப்பையைச் சுரக்க வைப்பதில்லை. ஆசையைத் தாங்கிய செய்தி இறங்குவதற்கு ஒரு நரம்பு வேண்டும், அந்த நரம்பு அறுந்தால் செய்தி நின்றுவிடுகிறது.

மனிதரிடம் இதைச் சோதிக்கக் கழுத்தை வெட்ட வேண்டியதில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குள் மெல்லிய குழாயை விட்டு நீரை உறிஞ்சி அளந்துகொண்டே, உணவை மென்று துப்பச் சொன்னால் போதும். அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஃபெல்ட்மன், ரிச்சர்ட்சன் என்ற இருவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு படி மேலே போனார்கள். நலமான மனிதர்களுக்கு உணவைக் காட்டவும் இல்லை, முகரக் கொடுக்கவும் இல்லை. தங்களுக்குப் பிடித்த உணவைப் பற்றி அரைமணி நேரம் உரையாட மட்டும் செய்தார்கள். மென்று துப்பும்போது சுரக்கும் கூடுதல் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பேச்சினால் மட்டுமே சுரந்தது. காட்சியும் மணமும் தனித்தனியே தந்த உயர்வு இதைவிடச் சிறியதாக இருந்தது.

வாயில் ஊறுவதை நாம் உணர்கிறோம், ஆனால் மனிதரிடம் அந்த உயர்வு சிறியது. இரைப்பையில் ஊறுவதை உணர்வதே இல்லை, ஆனால் பெரிய வேலை நடப்பது அங்கேதான். வாயூறுதலைப் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் நாக்கோடு நின்றுவிடுவதால் இந்த உண்மை மறைந்துபோகிறது.

## ஆணை இறங்கும் வழி

மூளைத்தண்டில் உமிழ்நீருக்கான நரம்பணுக் கூட்டமும், வேகஸ் நரம்பு தொடங்கும் கூட்டமும் அருகருகே உள்ளன. மேலிருந்து வரும் பசிச்செய்தி இரண்டையும் தூண்டுகிறது. உமிழ்நீருக்கான வழி குறுகியது. முகநரம்பின் ஒரு கிளை தாடைக்கடிச் சுரப்பிக்கும் நாக்கடிச் சுரப்பிக்கும் செல்கிறது, மற்றொரு நரம்பு கன்னத்துச் சுரப்பிக்குச் செல்கிறது. நரம்பின் நுனியில் வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரப்பணுக்களைச் சில வினாடிகளில் இயக்கிவிடுகிறது. அட்ரோபின் போன்ற மருந்துகள் இந்த அசிட்டைல்கோலின் வேலை செய்யாமல் தடுப்பதால்தான் அவற்றை உட்கொண்டவருக்கு வாய் காய்கிறது.

இரைப்பைக்கான வழி நீளமானது, படிகளும் அதிகம்:

1. வேகஸ் நரம்பின் செய்தி இரைப்பைச் சுவருக்குள் இருக்கும் சிறு நரம்பணுக்களுக்குக் கைமாறுகிறது.
2. அவற்றில் ஒரு பகுதி, அமிலம் சுரக்கும் அணுக்களை அசிட்டைல்கோலின் மூலம் நேரடியாகத் தூண்டுகிறது.
3. மற்றொரு பகுதி, இரைப்பையின் கீழ்ப்பாகத்தில் உள்ள அணுக்களிலிருந்து காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை வெளியிடச் செய்கிறது. காஸ்ட்ரின் இரத்தத்தில் கலந்து, சுற்றிவந்து மீண்டும் இரைப்பையின் மேற்பாகத்தை அடைகிறது.
4. அங்கே காஸ்ட்ரின் வேறுவகை அணுக்களிலிருந்து ஹிஸ்டமினை வெளிப்படுத்துகிறது. அந்த ஹிஸ்டமின் பக்கத்தில் உள்ள அமில அணுக்களை வலுவாகத் தூண்டுகிறது.
5. தூண்டப்பட்ட அமில அணுவுக்குள் இதுவரை ஒதுங்கிக் கிடந்த அமில எக்கிகள், அதாவது அமிலத்தை வெளியே தள்ளும் புரதங்கள், அணுவின் சுரப்புப் பரப்புக்கு நகர்ந்து வேலையைத் தொடங்குகின்றன.

இவற்றோடு இரைப்பையின் மேற்பாகத்துத் தசைகளும் தளர்ந்து, வரும் உணவுக்கு இடம் கொடுக்கின்றன. கணையமும் சிறிதளவு செரிமான நொதிகளைச் சுரக்கத் தொடங்குகிறது. இன்சுலினும் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் உயர்வது உண்டு என்றாலும், மனிதரிடம் அந்த உயர்வு சிறியது, அதன் முக்கியத்துவம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

## ஒரு மதியச் சாப்பாட்டைத் தொடர்ந்து பார்த்தால்

காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி முடித்த ஒருவர் பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வருகிறார் என்று கொள்வோம். இரைப்பை காலியாக உள்ளது. உள்ளே இருக்கும் நீர் அமிலத்தன்மை உடையது, ஆனால் அளவில் குறைவு. வாசலில் நுழையும்போதே தாளிப்பு மணக்கிறது. சில வினாடிகளில் உமிழ்நீர் சற்றே கூடுகிறது, ஒரு மிடறு விழுங்குகிறார். கைகால் கழுவி, இலை போட்டு, பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்து நிமிடங்களில் மேலே சொன்ன ஐந்து படிகளும் இரைப்பையில் நடந்து முடிகின்றன. முதல் கவளம் இறங்கும்போது அமில எக்கிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த முந்துதலால் என்ன ஆதாயம் என்பது அடுத்து நடப்பதில் தெரிகிறது. சோறும் பருப்பும் காய்கறியும் இரைப்பைக்குள் விழுந்ததும் அங்குள்ள அமிலத்தின் ஒரு பகுதியை உறிஞ்சி, அதன் வலுவைக் குறைத்துவிடுகின்றன. புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதி, செயலற்ற வடிவில் சுரந்து, வலுவான அமிலத்தில்தான் செயல்வடிவம் பெறுகிறது. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும் அந்த வலுவான அமிலம்தான். உணவு விழுந்த பிறகே சுரப்புத் தொடங்குமானால், பருப்பின் புரதமும் கிருமிகளும் வெகுநேரம் வலுக்குறைந்த சூழலில் கிடக்கும். முன்கூட்டியே தொடங்கிய சுரப்பு இந்த இடைவெளியைச் சுருக்குகிறது. உணவு உள்ளே வந்து இரைப்பைச் சுவரை விரித்து, அதிலுள்ள புரதங்கள் காஸ்ட்ரினை நேரடியாகத் தூண்டத் தொடங்கியதும் இரைப்பைக் கட்டம் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அதுவே அமிலத்தின் பெரும்பகுதியைத் தருவது.

உமிழ்நீரின் முன்னேற்பாட்டுக்கும் பயன் உண்டு. உலர்ந்த கவளத்தை விழுங்கும்படி வழுவழுப்பாக்குவது அது. மாவுச்சத்தைச் சிதைக்கும் முதல் நொதியும் அதில்தான் உள்ளது. விழுங்கிய உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட்டு உப்புகள், உணவுக்குழாயில் மேலெழும் அமிலத்தைச் சமன்செய்யவும் உதவுகின்றன.

## எந்த மணம் உணவின் மணம் என்பதைக் கற்றாக வேண்டும்

இந்த வழி பிறவியிலேயே அமைந்தது. எந்த மணம் அதைத் திறக்கும் என்பது பிறவியில் வருவதில்லை. பாவ்லோவின் ஆய்வகத்தில் நாய்க்குட்டிகளைப் பால் மட்டும் கொடுத்து வளர்த்தபோது, இறைச்சியைக் கண்டும் முகர்ந்தும் அவற்றுக்கு எச்சில் ஊறவில்லை. இறைச்சியைச் சில தடவை தின்று பழகிய பிறகே அதன் மணம் வேலை செய்தது. கருவாடு வறுபடும் வாசனைக்கு ஒருவருக்கு வாயூறுவதும், அதே வாசனை மற்றொருவருக்குக் குமட்டுவதும் இதனால்தான். இரண்டு பேருக்கும் மூக்கில் ஏறும் மூலக்கூறுகள் ஒன்றே, முன்னர் அந்த மணத்துக்குப் பின் இரைப்பைக்கு என்ன வந்தது என்ற அனுபவம் வேறு. கெட்டுப்போன ஓர் உணவைச் சாப்பிட்டு வாந்தி எடுத்தவருக்கு, அந்த உணவின் மணம் ஆண்டுக்கணக்கில் வெறுப்பைத் தருவதும் இதன் மறுபக்கம்.

வழக்கமான நேரமும் இப்படிக் கற்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையில் சுரப்பது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். ஒருவர் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது இரத்தத்தில் இதன் அளவு உயர்ந்து, சாப்பிட்டபின் இறங்குகிறது. அந்த நேரத்தில் வரும் மணத்துக்கு மூளை எளிதாக இசைகிறது. வயிறு நிறைந்த பிறகு அதே மணம் அதே விளைவைத் தருவதில்லை. கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றிலும் இந்த ஆணை பலவீனமாகிறது. தேர்வு அறைக்கு வெளியே நிற்கும் மாணவருக்கு வாய் உலர்ந்துபோவது அந்த வகை.

அடுப்படியிலேயே நின்று முழுச் சமையலையும் முடித்தவர் "சமைத்த எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை" என்று சொல்வதற்கும் விளக்கம் இருக்கிறது. ஒரே மணம் தொடர்ந்து மூக்கில் பட்டுக்கொண்டிருந்தால் ஏற்பிகளும் மூளையும் அதற்குப் பழகி, பதில் குறைந்துகொண்டே போகிறது. ஒரே சுவையை மீண்டும் மீண்டும் நாக்கில் வைத்து உமிழ்நீரை அளந்த ஆய்வுகளில், தடவைக்குத் தடவை சுரப்புக் குறைந்தது. வேறொரு சுவையைக் கொடுத்ததும் மீண்டும் உயர்ந்தது. சமைத்தவர் சற்று நேரம் வெளியே காற்றாட இருந்துவிட்டு வந்து சாப்பிட்டால் உணவு ருசிப்பது இதனால்தான்.

## உணவு வராமலே போனால்

சுரந்த அமிலத்துக்கு உணவு கிடைக்காவிட்டால் அது இரைப்பையையே அரித்துவிடாதா என்ற கவலை பலருக்கு உண்டு. விரதமிருந்தபடி வீட்டாருக்குச் சமைப்பவர்களும், ரமலான் மாதத்தில் நோன்போடு பிற்பகலில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்களும் மணிக்கணக்கில் மணத்தின் நடுவில்தான் நிற்கிறார்கள்.

நலமான இரைப்பையில் இதற்குத் தடுப்பு இருக்கிறது. அமிலம் மிகுந்து அதன் வலு ஓர் எல்லையைத் தாண்டியதும், இரைப்பையின் கீழ்ப்பாகத்தில் உள்ள மற்றோர் அணுவகை சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனை வெளியிட்டு, காஸ்ட்ரின் சுரப்பைத் தடுத்துவிடுகிறது. உணவு இருக்கும்போது அது அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் இந்தத் தடை விழுவதில்லை, உணவு இல்லாதபோது விரைவில் விழுந்துவிடுகிறது. இரைப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் சளிப்படலமும், அதற்குள் சுரக்கும் பைகார்பனேட்டு உப்பும் சுவரைக் காக்கின்றன. மணத்துக்குப் பழகிப்போவதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே நலமானவருக்குச் சமையல் வாசனையால் மட்டும் புண் உண்டாகாது. பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமியோ, வலி நிவாரணி மாத்திரைகளோ ஆகும்.

ஏற்கெனவே புண்ணோ, அமிலம் மேலேறும் தொல்லையோ உள்ளவருக்கு இந்தச் சுரப்பு எரிச்சலைக் கூட்டலாம். வெறும் வயிற்றில் மேல்வயிறு எரிவது, இரவில் வலியால் விழிப்பது, கறுப்பாக மலம் போவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவை தோன்றினால் அவற்றை விரதத்தின் விளைவு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

## நரம்பை வெட்டிய காலமும் மாத்திரையின் நேரமும்

பாவ்லோவின் இரண்டாவது எதிர்ச்சோதனை அரை நூற்றாண்டுக்குப் பிறகு மனிதருக்கான சிகிச்சையாக மாறியது. சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1943-இல் குடற்புண் நோயாளிகளுக்கு வேகஸ் நரம்பை வெட்டத் தொடங்கினார். அமிலம் குறைந்தது, புண் ஆறியது. ஆனால் பலருக்கு உண்ட உணவு இரைப்பையிலேயே தேங்கிவிட்டது. சுரப்புக்கு ஆணை கொண்டுவரும் அதே நரம்புதான் இரைப்பை தன்னைக் காலிசெய்யும் அசைவையும் நடத்துகிறது என்பதால், நரம்பை வெட்டும்போது இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வாயிலையும் அகலப்படுத்தும் மற்றோர் அறுவை தேவைப்பட்டது. வெட்டு முழுமையாக நடந்ததா என்று அறிய, நோயாளியை மென்று துப்பச் சொல்லி அமிலத்தை அளந்தார்கள். அமிலம் உயர்ந்தால் ஏதோ ஓர் இழை வெட்டுப்படாமல் எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

1970-களின் பிற்பகுதியில் ஹிஸ்டமினின் படியைத் தடுக்கும் சிமெட்டிடின் மருந்து வந்தது. அடுத்து ரானிடிடின் வந்தது. அதன்பின் கிருமியே காரணம் என்பதும் தெரியவந்து, இந்த அறுவை அரிதாகிப்போனது. இன்று மிகுதியாகப் பயன்படும் ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் ஆகியவை கடைசிப் படியில், அமில எக்கியின் மீதே வேலை செய்கின்றன. இவை எக்கி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் உள்ள அமிலத்தில்தான் செயல்வடிவம் பெறுகின்றன. ஒதுங்கிக் கிடக்கும் எக்கியை இவற்றால் பிடிக்க முடியாது. இரத்தத்தில் இவை நிலைத்திருப்பதும் சில மணி நேரம் மட்டுமே. காலை உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்கினால், மருந்து இரத்தத்தில் ஏறியிருக்கும் வேளையில் உணவின் மணமும் சுவையும் எக்கிகளை வெளியே அழைத்துவருகின்றன, மருந்து அவற்றைப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. இரவு படுக்கப்போகும் முன் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு "மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் சிலருக்குக் குறை மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மருந்தை மாற்றும் முன் மருத்துவரிடம் அந்த நேரத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது.

இதே நரம்பை எழுப்பப் பயன்படுவதுதான் சூயிங்கமும். வயிற்று அறுவைக்குப் பின் குடல் சில நாட்கள் அசைவற்றுக் கிடப்பது வழக்கம். அந்த நிலையில் நோயாளி எதையும் விழுங்காமல் மெல்லுவது ஒருவகைப் போலி ஊட்டலே. குடல் அறுவையும் சிசேரியனும் செய்துகொண்டவர்களிடம் நடத்திய பல ஆய்வுகளில், மென்றவர்களுக்குச் சில மணி நேரம் முன்னதாகவே வாயு பிரிந்தது. அறுவை முடிந்த விரைவிலேயே உணவு கொடுக்கத் தொடங்கும் மருத்துவமனைகளில் இந்த வேறுபாடு சிறிதாகிவிடுகிறது, ஏனெனில் அங்கே உண்மையான உணவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக உணவு பெறுபவர்களுக்கு இந்தத் தலைக்கட்டம் முழுவதும் விட்டுப்போகிறது. நியூயார்க்கில் ஸ்டூவர்ட் உல்ஃப், ஹரோல்ட் உல்ஃப் என்ற மருத்துவர்கள் 1940-களில் ஆராய்ந்த டாம் என்பவர், ஒன்பது வயதில் கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக்குழாய் அடைபட்டுப்போனதால், வாழ்நாள் முழுவதும் வயிற்றில் இருந்த திறப்பு வழியாகவே உணவு எடுத்தவர். அவர் ஒவ்வொரு கவளத்தையும் முதலில் வாயில் போட்டு, சுவைத்து மென்று, பிறகு அதை எடுத்து வயிற்றுத் திறப்பில் இட்டுவந்தார். அப்படிச் செய்யாவிட்டால் சாப்பிட்ட நிறைவு அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று வீட்டில் குழாய் வழி உணவு பெறும் ஒருவரை மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் கூடவே உட்கார வைப்பதும், விழுங்குவதில் ஆபத்து இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்தால் நாக்கில் சிறிது சுவை காட்டுவதும், அவருடைய இரைப்பைக்கு அந்த முன்னறிவிப்பைத் திரும்பக் கொடுக்கும் வழிகள். புரையேறும் ஆபத்து உள்ளவருக்கு மணம் மட்டும் போதும். வாயில் எதையும் வைக்கக் கூடாது.